ஹனுக்கா 2026: முதல் விளக்கு டிசம்பர் 3ஆ, 4ஆ, 5ஆ?

சுபா_ஸ்கார்பரோ

வணக்கம். டொரொண்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் நிகழ்ச்சிகள் ஒழுங்கு செய்யும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் யூத முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். 2026 டிசம்பர் அட்டவணையை முன்கூட்டியே அச்சடித்துக் குடும்பங்களுக்கு அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் இரண்டு சுவர்க் காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்றில் அவர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா டிசம்பர் 4 என்று போட்டிருக்கிறது, மற்றதில் டிசம்பர் 5. எது சரி? எட்டு இரவுக்கும் திகதி போட்டுத் தர வேண்டும். முதல் இரவு தவறினால் எட்டும் தவறிவிடும்.

இன்னொன்று. 2024இல் கிறிஸ்துமஸ் அன்று மாலைதான் முதல் மெழுகுவர்த்தி ஏற்றினோம். 2025இல் டிசம்பர் 14. இப்போது இன்னும் முன்னால் போய்விட்டது. இப்படியே முன்னால் முன்னால் நகர்ந்து கோடைக்கு வந்துவிடுமோ?

ராகவன்_கணக்கு

இது எளிய கணக்கு. ஹனுக்கா கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா திஷ்ரி மாதம் 1. திஷ்ரிக்கு 30 நாள், ஹெஷ்வானுக்கு 29 நாள், அப்புறம் கிஸ்லேவில் 24 நாள் கடக்க வேண்டும். மொத்தம் 83. 2026இல் ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12, சனிக்கிழமை. அதோடு 83 கூட்டினால் டிசம்பர் 4.

யூத நாள் முந்தின மாலையிலேயே தொடங்கிவிடும். ஆகவே முதல் விளக்கு டிசம்பர் 3, வியாழன் மாலை. சந்தேகம் இருந்தால் 2025க்குப் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் 23 கூட்டல் 83, டிசம்பர் 15. முதல் விளக்கு 14 மாலை. நீங்கள் ஏற்றிய அதே நாள்தான். ஆகவே உங்கள் இரண்டு காலண்டரும் தப்பு.

பொன்னி

எனக்குத் தெரிந்து இது யூதர்களின் கிறிஸ்துமஸ். 25 என்றால் டிசம்பர் 25தானே? ஏன் இவ்வளவு குழப்பிக்கொள்கிறீர்கள்?

பஞ்சாங்கப்பிரியன்

பொன்னி, அந்த 25 கிஸ்லேவ் மாதத்தின் 25. டிசம்பரோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் முந்தியது. சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியபின், யூதா மக்கபே அதை மீட்டு கி.மு. 164இல் மறுபடியும் அர்ப்பணித்த நாள் அது. 2027இல் கிஸ்லேவ் 25, டிசம்பர் 25ஆம் தேதியிலேயே வரும். அது தற்செயல்.

சுபா, உங்கள் இரண்டு காலண்டரும் சரி. ராகவனின் டிசம்பர் 3 தான் தவறு. கிஸ்லேவ் 25 என்ற நாள் டிசம்பர் 5, சனிக்கிழமை. அது 4ஆம் தேதி வெள்ளி மாலையிலேயே பிறந்துவிடும். ஒரு காலண்டர் விளக்கேற்றும் மாலையைப் போட்டிருக்கிறது, மற்றது பகலைப் போட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தகராறு வரும். அச்சடிக்கும்போது "டிசம்பர் 4 வெள்ளி மாலை முதல்" என்று எழுதிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ராகவன், உங்கள் 83 பல ஆண்டுகளுக்குச் சரியாக வரும். 2023க்கும் 2025க்கும் அதுதான். ஆனால் ஹெஷ்வானும் கிஸ்லேவும் நீளம் மாறும் மாதங்கள். சாதாரணமாக ஹெஷ்வானுக்கு 29, கிஸ்லேவுக்கு 30. சில ஆண்டுகளில் இரண்டுக்குமே 30 கொடுப்பார்கள், சில ஆண்டுகளில் இரண்டுக்குமே 29தான். ஹெஷ்வானுக்கு 30 கிடைத்தால் உங்கள் 83 என்பது 84 ஆகிவிடும். 2024 அப்படிப்பட்ட ஆண்டு. அக்டோபர் 3 கூட்டல் 84, டிசம்பர் 26. சுபா 25 மாலை ஏற்றியது அதனால்தான். 83 போட்டிருந்தால் ஒருநாள் முந்திப் போயிருக்கும்.

ராகவன்_கணக்கு

சரி, 2026க்கும் ஹெஷ்வானுக்கு 30 நாள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பிறை பார்த்தா? யாரோ ஒரு குழு கூடி முடிவு செய்வதா?

பஞ்சாங்கப்பிரியன்

பிறை பார்த்துச் சாட்சி சொல்லும் முறை பழைய காலத்தோடு போய்விட்டது. இப்போது முழுக்கக் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், 2026 ஹனுக்காவின் தேதியைத் தீர்மானிப்பது 2027இன் புத்தாண்டு.

எப்படி என்று பார்ப்போம். இரண்டு அமாவாசைகளுக்கு இடையே சராசரியாக 29 நாள், 12 மணி, 793 பங்கு என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மணிக்கு 1080 பங்கு. இந்தச் சராசரி அமாவாசைக் கணத்துக்கு மோலாத் என்று பெயர். வானத்தில் நிஜமாக நடப்பதிலிருந்து அது சில மணி நேரம் தள்ளி இருக்கலாம். அதைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை. திஷ்ரி மோலாத் எந்த நாளில் விழுகிறதோ அன்று புத்தாண்டு. ஆனால் ஞாயிறு, புதன், வெள்ளியில் ரோஷ் ஹஷானா வரக்கூடாது. வெள்ளி வந்தால் பத்தாம் நாளான யோம் கிப்பூர் ஞாயிறாகிவிடும். புதன் வந்தால் அது வெள்ளியாகிவிடும். சனிக்கிழமை ஓய்வு நாளான ஷபாத்தை ஒட்டி முன்னாலோ பின்னாலோ இன்னொரு முழு ஓய்வு நாள் வந்தால் சமையல், அடக்கம் செய்வது எல்லாம் இரண்டு நாள் நின்றுபோகும். ஞாயிறுக்குக் காரணம் வேறு, அது கூடாரப் பண்டிகையின் கடைசிப் பகுதியோடு சம்பந்தப்பட்டது.

இப்போது நம் கணக்கு. யூத ஆண்டு 5787இன் மோலாத் 2026 செப்டம்பர் 11, வெள்ளி இரவு ஒன்பது மணிவாக்கில் விழுகிறது. வெள்ளி மாலைக்குப் பிறகு என்பதால் யூதக் கணக்கில் அது சனி. தடை ஏதும் இல்லை, புத்தாண்டு சனி, செப்டம்பர் 12. 5787 நெட்டாண்டு, அதில் 13 மாதம். அடுத்த திஷ்ரி மோலாத் 2027 செப்டம்பர் 30, வியாழன் மாலை ஆறரை மணிக்கு. கணக்கில் மாலை ஆறுக்கு நாள் மாறிவிடும், ஆகவே அது வெள்ளி. வெள்ளி ஆகாது. தள்ளு சனிக்கு. 5788இன் புத்தாண்டு அக்டோபர் 2, சனி.

சனிக்கும் சனிக்கும் நடுவே 385 நாள். தள்ளாமல் விட்டிருந்தால் 384. கூடுதலாக வந்த அந்த ஒரு நாளை எங்கேயாவது வைக்க வேண்டுமே? அதை ஹெஷ்வானின் கடைசியில் வைக்கிறார்கள். ஹெஷ்வான் கிஸ்லேவுக்கு முன்னால் இருப்பதால் கிஸ்லேவ் 25 ஒருநாள் தள்ளி, டிசம்பர் 4 இருக்க வேண்டிய இடத்தில் 5 ஆகிறது. அக்டோபர் 2027இல் யோம் கிப்பூர் ஞாயிறு ஆகக்கூடாது என்பதற்காக, பத்து மாதம் முன்னாலேயே சுபாவின் அட்டவணை ஒருநாள் நகர்ந்துவிட்டது.

கோபி_நிரல்

இவ்வளவு எதற்கு? ஒரு வரி போதும்.

```python
from convertdate import hebrew
hebrew.to_gregorian(5787, 9, 25)
# (2026, 12, 5)
```

ஒரு எச்சரிக்கை. கிஸ்லேவ் புத்தாண்டிலிருந்து மூன்றாவது மாதம் என்று நினைத்து `3` போட்டால் 2027 ஜூன் 30 வரும். ஏனென்றால் மாத எண்கள் வசந்தத்தின் நிசான் மாதத்திலிருந்து ஓடும், ஆண்டு எண் மட்டும் ஏழாவது மாதமான திஷ்ரியில் மாறும். ஆண்டுக்கும் பலர் 3760 கூட்டுவார்கள். ஹனுக்கா சமயத்தில் புத்தாண்டு ஏற்கனவே பிறந்திருக்கும், 3761 கூட்ட வேண்டும். 3760 கூட்டினால் போன வருடத்துத் தேதி வந்து நிற்கும். பார்வைக்குச் சரியான டிசம்பர் தேதிதான், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ராகவன்_கணக்கு

கணினி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டின் புத்தாண்டுக் கிழமைக்காக இந்த ஆண்டின் மாதத்தை நீட்டுவதை என்னால் ஒழுங்கான முறை என்று சொல்ல முடியாது. திதி பார்த்து வைத்தால் தீர்ந்தது. நம் தீபாவளி அப்படித்தானே?

பஞ்சாங்கப்பிரியன்

தீபாவளியும் அதே வகைச் சந்திரக் கணக்குதான், அதுவும் நகரும். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் போகும், அதிக மாதம் வந்த ஆண்டில் ஒரே தாவாகப் பின்னால் வரும். சுபா கேட்ட கோடைக் கேள்விக்கும் இதுதான் பதில். 19 ஆண்டில் 7 நெட்டாண்டு. 2023இல் கிஸ்லேவ் 25 டிசம்பர் 8, 2024இல் 26, 2025இல் 15, 2026இல் 5, 2027இல் மறுபடி 25. நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கும்.

2026இல் ஒரு வேடிக்கை உண்டு. தீபாவளி அக்டோபர் 20இலிருந்து நவம்பர் 8க்குத் தாவுகிறது. ஹனுக்கா அதே ஆண்டில் பத்து நாள் முன்னால் வருகிறது. நம் பக்கத்து அதிக மாதம் 2026 மே, ஜூனில் வந்துவிடுகிறது. யூதர்கள் கூடுதல் மாதத்தை எப்போதும் அதார் மாதத்தில்தான் வைப்பார்கள், அதாவது 2027இன் தொடக்கத்தில். அதனால் அவர்களின் தாவல் 2027 டிசம்பரில்தான் தெரியும்.

மலர்_ஹைஃபா

நான் ஹைஃபாவில் ஒரு பாட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். மட்டக்களப்பு. இந்த 29, 30 பிரச்சினை எங்கள் வீட்டில் சண்டையாகவே வந்தது. பாட்டியின் கணவர் கிஸ்லேவ் 30இல் இறந்தவர். ஹனுக்காவின் ஆறாம் நாள் அது. ஒவ்வோர் ஆண்டும் அன்று நினைவு விளக்கு வைப்பார். 2023இல் கிஸ்லேவ் 29 நாளோடு முடிந்துவிட்டது. 30 என்ற நாளே இல்லை!

மகன் 29ஆம் நாளே வைக்க வேண்டும் என்றார். பாட்டி ஒப்பவில்லை, ஆறாவது ஹனுக்கா விளக்கோடு சேர்த்துத்தான் வைப்பேன் என்று டிசம்பர் 12 மாலை வைத்தார். அது தேவேத் மாதம் முதல் நாள். யார் சரி?

சுபா அக்கா, எட்டு இரவு என்பது மட்டும் மாறாது. மாதம் 30 நாள் என்றால் பண்டிகை தேவேத் 2இல் முடியும், 29 என்றால் தேவேத் 3இல். அதனால் முடிவுத் திகதியை யூத மாதக் கணக்கில் எழுத வேண்டாம், முதல் மாலையிலிருந்து எண்ணுங்கோ.

பஞ்சாங்கப்பிரியன்

மலர், பெரும்பாலும் பின்பற்றும் வழக்கம் இது. அவர் இறந்து முதல் ஆண்டு நினைவு வந்தபோது அந்த ஆண்டில் கிஸ்லேவ் 30 இருந்ததா என்று பார்ப்பார்கள். இருந்திருந்தால், 30 இல்லாத பிற்கால ஆண்டுகளில் தேவேத் 1. முதல் ஆண்டிலேயே 30 இல்லை என்றால், 30 இல்லாத ஆண்டுகளில் 29. எல்லா ரபிகளும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று இல்லை. இறந்த ஆண்டு தெரிந்தால் பார்த்துச் சொல்லலாம்.

மலர்_ஹைஃபா

ஆண்டைக் கேட்டால் பாட்டி அழுதுவிடுவார். விடுங்கள்.

சுபா_ஸ்கார்பரோ

நன்றி எல்லோருக்கும். அப்படியென்றால் 4ஆம் திகதி வெள்ளி முதல் விளக்கு, 5 சனி இரண்டாவது, அப்படியே 11 வெள்ளி எட்டாவது. 12 சனி இருட்டும்போது முடிவு. எங்கள் நிகழ்ச்சி நேரம் தினமும் மாலை 6:30, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு. எல்லா நாளும் அதையே போடலாமா?

மலர்_ஹைஃபா

ஐயோ, வெள்ளிக்கு 6:30 போடாதீர்கள் அக்கா! வெள்ளி சூரியன் மறைந்தால் ஷபாத். அதற்குப் பிறகு நெருப்பைத் தொடமாட்டார்கள். வெள்ளி மட்டும் ஹனுக்கா விளக்கை மறைவுக்கு முன்பே ஏற்ற வேண்டும், அதுவும் ஷபாத் மெழுகுவர்த்திக்கு முன்னால். சனிக்கிழமை நேர்மாறு. ஷபாத் முடிந்து நட்சத்திரம் தெரிந்த பிறகுதான். ஷபாத்தை வழியனுப்பும் சடங்கு முதலா விளக்கு முதலா என்பது வீட்டுக்கு வீடு மாறும், அந்தப் பெரியவர்களையே கேளுங்கள்.

இந்த முறை முதல் விளக்கும் வெள்ளி, எட்டாவதும் வெள்ளி. ஹனுக்காவுக்குள் இரண்டு ஷபாத் வருகிறது.

பஞ்சாங்கப்பிரியன்

மலர் சொன்னதோடு ஒன்று. டொரொண்டோவில் டிசம்பர் 4 அன்று சூரியன் 4:40 அளவில் மறைகிறது. ஷபாத் மெழுகுவர்த்தியை வழக்கமாக 18 நிமிடம் முன்னால் ஏற்றுவார்கள், அதாவது 4:22 அளவில். ஹனுக்கா விளக்கு அதற்குச் சற்று முன். ரொம்பவும் முன்னாலும் கூடாது, மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஏற்றினால் அது பகல் விளக்கு என்று சொல்லிவிடுவார்கள். நான்கேகாலுக்குக் கூட்டத்தைக் கூட்டினால் போதும்.

மெழுகுவர்த்தியின் நீளத்தையும் பாருங்கள். இருட்டிய பிறகு அரை மணி நேரமாவது எரிய வேண்டும் என்பது நியதி. மற்ற நாட்களில் இருட்டிய பிறகு ஏற்றுவதால் பெட்டியில் வரும் சிறிய வண்ண மெழுகுவர்த்தி, ஏறக்குறைய அரை மணி எரிவது, போதும். வெள்ளிக்கிழமை மறைவுக்கு முன்பே ஏற்றி, இருட்டும்வரை எரிந்து, அதன் பிறகும் அரை மணி எரிய வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும் மெழுகுவர்த்தியோ எண்ணெய் விளக்கோ வாங்குங்கள். 11ஆம் தேதிக்கு எட்டும், ஏற்றுவதற்கான ஷமாஷும் சேர்த்து ஒன்பது வேண்டும். 44 எண்ணம் உள்ள வழக்கமான பெட்டி எட்டு நாளுக்கும் கணக்காகச் சரியாகப் போகும். ஆனால் அதை நம்பி வெள்ளிக்குத் தனியாக வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

சுபா_ஸ்கார்பரோ

ஒன்றரை மணி நேரம் தீ எரிய விடுவதென்றால் யாராவது கூடவே இருக்க வேண்டும். அறைகளில் தீ அனுமதியே இல்லை, பொதுக் கூடத்தில் மட்டும்தான். சிலருக்கு அறையில் மின்சார மெனோரா கொடுத்திருக்கிறோம். அது செல்லுமா?

கோபி_நிரல்

பல்பும் வெளிச்சம்தானே. செல்லும்.

பஞ்சாங்கப்பிரியன்

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான ரபிகள் மின்விளக்குக்கு ஆசி வாசகம் சொல்லக்கூடாது என்கிறார்கள். எண்ணெயும் திரியும் வேண்டும் என்பது ஒரு வாதம், ஏற்றும் கணத்திலேயே எரிபொருள் முழுவதும் அங்கே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. வேறு வழியில்லாத நோயாளிக்கு ஆசி இல்லாமல் மின்விளக்கு போடலாம் என்று விடுகிறவர்கள் உண்டு, ஆசியோடேயே விடுகிறவர்களும் உண்டு. கூடத்தில் நிஜத் தீ இருக்கும்போது ஆசியை அங்கே சொல்லிவிட்டு அறையில் மின்விளக்கை அலங்காரமாக வைத்துக்கொண்டால் வம்பு குறைவு. குடும்பங்கள் என்ன சொல்கின்றனவோ அதன்படி செய்யுங்கள்.

ராகவன்_கணக்கு

உங்கள் கிழமை விதிப்படி ஒன்று கேட்கிறேன். ரோஷ் ஹஷானா திங்கள், செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான். 83 கூட்டினால் கிழமை ஒன்று முன்னால் போகும், 84 கூட்டினால் அதே கிழமை. அப்படியானால் கிஸ்லேவ் 25 ஞாயிறு, திங்கள், புதன், வெள்ளி, இவற்றோடு திங்கள், செவ்வாய், வியாழன், சனி. எல்லாக் கிழமையும் வந்துவிட்டதே. பிறகு ஏன் ஹனுக்காவின் முதல் விளக்கு திங்கள் மாலையில் வராது என்று எங்கோ படித்தேன்?

பஞ்சாங்கப்பிரியன்

நல்ல கேள்வி. திங்கள் மாலை ஏற்றுவதற்குக் கிஸ்லேவ் 25 செவ்வாய் ஆக வேண்டும். அதற்குப் புத்தாண்டும் செவ்வாயாக இருந்து, ஹெஷ்வானுக்கும் 30 கிடைக்க வேண்டும். செவ்வாயில் தொடங்கும் ஆண்டு அப்படி நீள முடியாது. சாதாரண ஆண்டில் 355 நாள் ஆனால் அடுத்த புத்தாண்டு ஞாயிறு. நெட்டாண்டில் 385 நாள் ஆனால் அது செவ்வாய், அதைத் தடை செய்வது கிழமை விதி இல்லை.

ராகவன்_கணக்கு

அப்படியென்றால் செவ்வாய்க்குச் செவ்வாய் 385 ஏன் வராது?

பஞ்சாங்கப்பிரியன்

13 மாதம் என்பது 384 நாளுக்குச் சற்றுக் குறைவு. 384 நாள் 54 வாரமும் 6 நாளும், அதாவது மோலாத் கிழமையில் ஏறக்குறைய ஒருநாள் முன்னால் போகும். செவ்வாயில் தொடங்கினால் அடுத்தது திங்கள். திங்களுக்குத் தடை இல்லை, தள்ள வேண்டிய அவசியமே வராது. மோலாத் நண்பகலைத் தாண்டினால் மறுநாளுக்குப் போகும் விதி ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை மணி வாரியாக எழுதினால் இந்த இழை இன்னும் இரண்டு பக்கம் போகும்.

ராகவன்_கணக்கு

எழுதுங்கள். நான் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன்.